முதியோர் இல்லத்தில் முதல் இருபது நிமிடம்: எப்படி வணங்குவது, எப்படிக் கேட்பது

முதியோர் இல்லத்துக்குப் புதிதாகப் போகும் குழுக்கள் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ரொட்டி, பிஸ்கட், பழம், குளியல் சோப்பு, போர்வை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் உறை பிரிக்காத போர்வை இரண்டு மூன்று கிடக்கும். அந்தப் பெட்டிக்கு உடையவரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கால் உடைந்திருக்கும், நூல் போட்டுக் காதில் கட்டியிருப்பார். போர்வை கொடுத்த மூன்று குழுவும் கண்ணாடியைப் பார்த்திருக்கும். ஆனால் "இதைச் சரிபண்ணித் தரட்டுமா?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு பெரியவரை முதல் தடவை பார்க்கும்போது எப்படி வணக்கம் சொல்வது, எங்கே உட்காருவது, அவருக்கு வேண்டியதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். குமரி மாவட்டத்து இல்லங்களை மனதில் வைத்து எழுதியது இது.

போகும் முன்பு ஒரு போன்

இரண்டு மூன்று நாளுக்கு முன்பே பொறுப்பாளரிடம் பேசுங்கள். கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் இல்லம் என்றால் பெரும்பாலும் ஒரு சிஸ்டர் இருப்பார், மற்ற இடங்களில் மேனேஜரோ வார்டனோ இருப்பார். எந்த நேரம் வரலாம், சாப்பிடும் பொருள் கொண்டுவரலாமா, இப்போது யாரைப் பார்க்கக் கூடாது, இந்த மூன்றையும் கேட்டாக வேண்டும்.

காலைக் குளியலும் மருந்தும் முடிந்த பின் 10 மணி முதல் 11.30 வரை பெரும்பாலான இல்லங்களில் தோதான நேரம். மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுப்பார்கள், ஆகவே 3.30 வரை போக வேண்டாம். மாலைக் காப்பி நேரம் பேச்சுக்கு நல்லது.

சாப்பாடு கொடுப்பதாக இருந்தால் நேரம் தவறவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஊசி போடுவார்கள். சில வகை 15 நிமிடத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும், சில வகை அரை மணி நேரத்தில். ஒரு மணிக்கு வரும் என்று சொன்ன பிறந்தநாள் விருந்து இரண்டு மணிக்கு வந்தால், இடைப்பட்ட நேரத்தில் அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கேக் வெட்டுவதற்காகவும் பாட்டுக்காகவும் பந்தியைத் தள்ளிப்போடுவதும் இதே ஆபத்துதான். முதலில் சாப்பாடு, மற்றதெல்லாம் அப்புறம்.

திண்பண்டத்தை யார் கையிலும் நேராகக் கொடுக்காதீர்கள். நம் ஊர் மட்டிப்பழமும் இளநீரும் எல்லாருக்கும் நல்லது என்றுதான் தோன்றும். சிறுநீரகம் பழுதானவருக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே தாறுமாறாக்கிவிடலாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு முறுக்கும் மிக்சரும் தொண்டையில் அடைக்கும். யாருக்கு எது ஆகாது என்பது இல்லத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பொருளை அவர்களிடம் கொடுத்துவிட்டால் போதும்.

இருவர் இருவராகப் பிரிந்து கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால் படுத்திருப்பவருக்கு அது ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வந்து நிற்பதுபோல் இருக்கும், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார், அவ்வளவுதான். சளியோ காய்ச்சலோ இருப்பவர் அன்றைக்கு வராமல் இருப்பதே நல்லது.

வாசலில் நின்று

அறைக் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டுங்கள். கதவே இல்லாத பெரிய ஹாலாக இருந்தால் கட்டிலின் கால்மாட்டில், அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். அந்தக் கட்டிலும் பக்கத்தில் உள்ள சிறு அலமாரியும்தான் இப்போது அவருடைய வீடு. தூங்கினால் எழுப்பாதீர்கள், வேறொருவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வரலாம். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுவார். நிற்கும்போது அப்படித் திடுக்கிட்டால் தடுமாறி விழவும் கூடும்.

கைகூப்பி வணக்கம் சொல்லுங்கள். மூட்டுவாதம் உள்ள கையைப் பிடித்துக் குலுக்கினால் உயிர் போகிற வலி வரும். அவராகக் கை நீட்டினால் உங்கள் கையை அடியில் வைத்துத் தாங்கிக் கொள்ளுங்கள், இறுக்க வேண்டாம். "தோத்திரம்" என்று அவர் சொன்னால் திருப்பிச் சொல்லலாம். ஆனால் பெயரையோ கழுத்தில் கிடக்கும் மாலையையோ வைத்து மதத்தை ஊகித்து நீங்களாக அதைத் தொடங்க வேண்டாம். அதேபோல், கேட்காமல் தலையில் கைவைத்து ஜெபம் செய்வதும், நெற்றியில் திருநீறு பூசுவதும் கூடாது. நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தே செய்வார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கோ விலகிப் போக வழியில்லை.

பிறகு உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். "என் பேரு இது, தக்கலையிலேர்ந்து வாறேன். கொஞ்ச நேரம் உங்ககிட்ட பேசிட்டு இருக்கலாமா?" இந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்றும் பதில் வரலாம். வந்தால் "சரி, இன்னொரு நாளைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டு அப்போதே நகர்ந்துவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரிவது நல்லது. அடுத்த தடவை அவரே உட்காரச் சொல்வதும் உண்டு.

எப்படிக் கூப்பிடுவது

எல்லாரையும் "பாட்டி", "தாத்தா" என்று கூப்பிடுவது பாசமாகத் தோன்றும். ஆனால் கல்யாணமே செய்யாதவர் இருப்பார், பேரப்பிள்ளையை இழந்தவர் இருப்பார், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் "டீச்சர்" என்று மட்டுமே கூப்பிடப்பட்டவரும் இருப்பார். நம் மாவட்டத்துக்குள்ளேயே முறைச்சொல் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒருவருக்கு "ஆச்சி" வீட்டுச்சொல், இன்னொருவருக்கு "அம்மச்சி". "பாட்டா" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் ஆட்களும் உண்டு. ஆகவே தொடக்கத்தில் "அம்மா", "ஐயா" என்று மட்டும் சொல்லி, "உங்கள எப்படிக் கூப்பிட்டா பிடிக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். சொன்னதை நோட்டில் குறியுங்கள். அடுத்த வாரம் வருகிறவர் வேறொரு ஆளாக இருந்தாலும் அதே பெயரில் கூப்பிட வேண்டும்.

பெரியவர் உங்களை "மக்கா", "பிள்ளே" என்று ஒருமையில் பேசுவார். நீங்கள் கடைசிவரை "நீங்க"தான். குழந்தையிடம் பேசுவதுபோல் குரலைக் குழைத்து "சாப்டாச்சா செல்லம்?" என்று கேட்பது அவர்களில் பலரை உள்ளுக்குள் கூச வைக்கும்.

உட்காரும் இடமும் குரலும்

நின்றுகொண்டு பேசினால் அவர் கழுத்தை நிமிர்த்திக் கொண்டே இருக்க வேண்டும். நாற்காலி போட்டு, அவர் கண்மட்டத்துக்கு உங்கள் முகம் வரும்படி மூன்று நான்கு அடி தள்ளி உட்காருங்கள். கட்டிலில் உட்காருவதாக இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், அவர் உதட்டசைவைப் பார்த்தும் பாதிப் பேச்சைப் புரிந்து கொள்கிறார்.

நாற்காலி போட இடம் வேண்டுமென்று வாக்கரையோ கைத்தடியையோ நகர்த்தினால், கிளம்பும்போது இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போன வாக்கரை, இரவு ஒன்றுக்குப் போக எழுந்திருப்பவரைக் கீழே விழ வைத்துவிடும்.

காது மந்தம் என்றால் கத்த வேண்டும் என்று நினைப்பது தவறு. வயதில் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கூர்மையான மேல் ஒலிகள். உயிர் ஒலி காதில் விழும், மெய் ஒலி விழாது. "தட்டு", "கட்டு", "பட்டு" மூன்றும் அவருக்கு ஒரே சொல்லாகக் கேட்கும். கத்தினால் குரல் இன்னும் கீச்சென்று ஆகி, கேட்கிற கொஞ்சமும் கெட்டுப்போகும். குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள், சொன்னது விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். "எந்தக் காதுல நல்லா கேக்கும்?" என்று கேட்டு அந்தப் பக்கம் மாறி உட்காருங்கள். மின்விசிறிச் சத்தமோ டிவி சத்தமோ இருந்தால், குறைக்கலாமா என்று அறையில் உள்ள மற்றவரிடமும் கேட்க வேண்டும். அது அவர் பார்க்கும் சீரியலாக இருக்கலாம்.

"ஒண்ணும் வேண்டாம் மக்கா"

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்வது இதுதான். புதியவர்கள் இதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, தாங்கள் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? முன்பின் தெரியாத ஆளிடம் வாய்விட்டுக் கேட்பது நம் வீடுகளில் மரியாதையாக நினைக்கப்படுவதில்லை. பக்கத்தில் இல்லத்து ஆள் நின்றால், கேட்பது குறை சொல்வதுபோல் ஆகிவிடும், நாளைக்கும் இங்கேதானே இருக்க வேண்டும். இன்னொன்று, இதற்கு முன் வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போய் எதையும் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

ஆகவே பெரிய கேள்வியைக் கேட்காதீர்கள். கண்ணெதிரே இருப்பதைப் பற்றிச் சின்னதாகக் கேளுங்கள். "இன்னைக்கு உள்ள இருக்கணுமா, திண்ணையில போய் இருக்கலாமா?" "பேசிட்டிருக்கணுமா, பத்திரிகை வாசிச்சுக் காட்டட்டுமா?" இரண்டில் ஒன்றைச் சொல்வது எளிது, அதில் கேட்கிறோமே என்ற கூச்சமும் இல்லை. இரண்டுமே வேண்டாம் என்று சொல்லவும் இடம் விடுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். புதியவர்கள் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள்.

"எத்தன பிள்ளைங்க? ஏன் இங்க விட்டுட்டாங்க?" என்பதைக் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு

விளவங்கோடு பக்கத்து அம்மா ஒருவர், வயது 86 என்று வைத்துக்கொள்வோம். நாளெல்லாம் சும்மா இருக்கிறார், வாசிக்க ஏதாவது கொடுக்கலாம் என்று ஒரு குழு தமிழ் வார இதழ்கள் நான்கு கொண்டுபோகிறது. வாங்கிக் கொள்கிறார், அப்படியே தலையணைக்கு அடியில் வைக்கிறார். அடுத்த வாரமும் அவை அங்கேயே இருக்கின்றன.

"வாசிச்சீங்களா?"

"எனக்க கண்ணு பிடிக்காது மக்கா."

இதை வைத்துப் பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கவும், கண் முகாமுக்குக் கூட்டிப்போகவும் திட்டம் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல எந்த எழுத்து படிச்சீங்க?"

"மலையாளம்தான். அப்பம் தமிழ் ஏது?"

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முன் இது திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. இன்றைக்கு 86 வயதானவர் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். வீட்டில் தமிழ் பேசினாலும், எழுதப் படிக்க மலையாளம் மட்டுமே தெரிந்த பெரியவர்கள் இந்தப் பக்கம் உண்டு. எழுத்து தெரியாது என்று சொல்லக் கூசி, கண் தெரியாது என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

இப்போது மலையாளப் புத்தகம் வாங்க ஓட வேண்டாம், அதுவும் ஊகம்தான். "மலையாளத்துல வாசிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா, இல்ல வேற எதாவது வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வரும்: "ஒரு கலண்டர் இருந்தா கொள்ளாம். மலையாளக் கலண்டர்." நாளும் நட்சத்திரமும் கொல்லம் ஆண்டு மாதக் கணக்கிலேயே அவர் மனதில் ஓடுகிறது. அம்மாவின் நினைவு நாள் எந்த மாதம், எந்த நட்சத்திரம் என்று தெரியும். அது இங்கிலீஷ் தேதியில் என்றைக்கு வருகிறது என்று பார்க்க வழியில்லை. அவ்வளவுதான் விஷயம்.

களியக்காவிளைப் பக்கம் கேட்டால் மலையாளக் காலண்டர் கிடைக்கும். பாதி வருடம் போனபின் கிடைப்பது கடினம், டிசம்பரிலேயே வாங்கி வைப்பது நல்லது. கிடைக்காவிட்டால் "இந்த வருசத்து கிடைக்கல, தை மாசம் கொண்டுவாறேன்" என்று போய்ச் சொல்லுங்கள், சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். கொண்டுபோன பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: எங்கே மாட்டுவது? நாம் நின்றுகொண்டு நம் கண்மட்டத்தில் ஆணியைத் தேடுவோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். கையில் பிடித்து, "இங்கயா, இன்னும் தாழவா?" என்று அவர் போதும் என்று சொல்லும்வரை இறக்குங்கள். தரையிலிருந்து மூன்றரை அடியில் போய் நிற்கும், பக்கம் புரட்ட அவர் கைக்கும் எட்டும். ஆணி அடிக்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மறதி நோய் உள்ளவரிடம்

இங்கே கேள்வியைச் சுருக்க வேண்டும். "என்னை ஞாபகம் இருக்கா?" என்பது அவருக்குத் தேர்வு மாதிரி, தோற்றுப்போனோம் என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பெயர் சொல்லித் தொடங்குங்கள். வாயால் கேட்பதைவிடப் பொருளைக் காட்டிக் கேட்பது பலிக்கும்: ஒரு கையில் சீப்பு, மறு கையில் தேங்காய் எண்ணெய். அவர் கண் போகும் பக்கமும் கை நீளும் பக்கமும் பதில். முகத்தைத் திருப்பினாலோ, கையைத் தட்டிவிட்டாலோ அதுவும் பதில்தான். பேச்சுப் போன பக்கவாத நோயாளிக்கும் இதே வழி, ஆனால் அவருக்கு நாம் பேசுவது முழுதும் விளங்கக்கூடும். பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசிவிடாதீர்கள். அவர் ஒரு பக்கத்தைக் கவனிக்காமலே விடுவதும் உண்டு, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கேட்டு அங்கே உட்காருங்கள்.

செய்ய முடியாததைக் கேட்டால்

கேட்கத் தொடங்கினால் இதுவும் வரும். "என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ மக்கா." இதற்கு "நாளைக்குப் போலாம்" என்று சொல்லாதீர்கள். மறுநாள் விடியற்காலையிலேயே துணியை மூட்டை கட்டி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார், நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். "என்னால கூட்டிட்டுப் போக முடியாதும்மா" என்று உண்மையைச் சொல்லி, "வீட்டுல எங்க இருப்பீங்க, திண்ணையிலயா?" என்று கேளுங்கள். வீட்டைப் பற்றிப் பேசக் கிடைப்பதே பலருக்கு வேண்டியிருக்கிறது. மறதி உள்ளவர் என்றால், முடியாது என்பதை வற்புறுத்தாமல் நேராக வீட்டுப் பேச்சுக்கே போகலாம்.

வெற்றிலை, பொயிலை, மாத்திரை, பணம் ஆகியவற்றை யார் கேட்டாலும் ரகசியமாகக் கொடுக்க வேண்டாம். "சிஸ்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டுக் கேளுங்கள். மகனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாலும் அப்படியே. அடிக்கிறார்கள், சாப்பாடு தருவதில்லை என்று சொன்னால் அங்கேயே சண்டை பிடிக்காதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு, வெளியே வந்ததும் மூத்தோர் உதவி எண் 14567-க்கு அழையுங்கள்.

போட்டோவும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "எடுக்கலாமா?" என்பது பாதிக் கேள்வி. "வாட்ஸப்பில, பேஸ்புக்கில போடுவோம், ஊர்ல உள்ளவங்களும் பாப்பாங்க, சரியா?" என்பதுதான் முழுக் கேள்வி. தான் இல்லத்தில் இருப்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் பலர் உண்டு.

கிளம்பும்போது

ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள். எப்போது வருவோம் என்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் நாளைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "திரும்ப எப்பம்னு சிஸ்டர்கிட்ட சொல்லியனுப்புறேன்" போதும்.

வெளியே வந்த உடனே, வண்டியை எடுக்கும் முன்பு, நோட்டில் எழுதுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தக் காது, எதற்கு வேண்டாம் என்றார், என்ன கேட்டார் என்று ஆளுக்கு நான்கு வரி போதும். கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். "காலண்டர்" என்று எழுதினால் அடுத்து வாங்குபவர் தமிழ் காலண்டர் வாங்கிவிடுவார். "மலையாளக் கலண்டர், உட்காந்து பாக்கணும்" என்று எழுதுங்கள். அந்த வேலையை யார் செய்யப் போகிறார், என்றைக்குள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். நோட்டு இல்லத்திலேயே இருக்க வேண்டாம், குழுவில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.